ட்வின்-டி நாட்ச் ஃபில்டர்: 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை எவ்வளவு ஆழமாக வெட்ட முடியும்?

சென்சார் சிக்னலில் மின்சார இரைச்சல் ஏறிவிட்டால், "ஒரு ட்வின்-டி நாட்ச் போட்டுவிடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சர்க்யூட்டும் சின்னதுதான்: மூன்று ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர். கணக்குப்படி 50 ஹெர்ட்ஸில் வெளியீடு சுழியாக வேண்டும். ஆனால் போர்டில் கட்டிப் பார்த்தால், நாட்ச் என்று சொல்லும் அந்தப் பள்ளம் முப்பது டெசிபலைக்கூடத் தாண்டாமல் நின்றுவிடுவதுண்டு. சில வேளை இரைச்சல் போகும், அதோடு வேண்டிய சிக்னலில் பெரும்பகுதியும் போய்விடும். அந்தப் பள்ளத்தின் ஆழத்தை எது தீர்மானிக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது, எந்த ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதை ஒரு குறிப்பிட்ட வேலையை வைத்தே பார்க்கலாம்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளில் டெக்னீஷியன் வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறைய. அவர்களில் பலர் ஏதோ ஒரு நாள் சந்திக்கும் வேலைதான் இது. பிரெஸ் மெஷின் ஒன்றின் சட்டத்தில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கிறது. அடி விழும்போது சட்டம் எவ்வளவு வளைகிறது, எப்படி அதிர்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய அதிர்வு சுமார் 35 ஹெர்ட்ஸ் வரை போகிறது. பிரிட்ஜிலிருந்து வரும் சிக்னலை இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்பிளிஃபையர் நூறு மடங்கு பெருக்கித் தருகிறது. வெளியீட்டில் வேண்டிய சிக்னல் 200 மில்லிவோல்ட், அதன்மேல் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 1.2 வோல்ட். இரண்டுமே உச்சிக்கு உச்சி அளந்தவை.

இந்த 1.2 வோல்ட், செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பிறகும் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஷீல்டு கேபிளை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தாயிற்று, மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி வைத்தாயிற்று, பிரிட்ஜ் ஒயர்களை முறுக்கியாயிற்று. இவற்றைச் செய்யாமல் ஃபில்டருக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு விஷயம், ஆம்பிளிஃபையர் வெளியீடு எங்கேயும் சப்ளை வோல்டேஜில் முட்டி வெட்டுப்படக் கூடாது. ஒருமுறை வெட்டுப்பட்ட சிக்னலை எந்த நாட்ச்சாலும் மீட்க முடியாது.

பார்க்க வேண்டியது 5 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும் எடை, வெப்பம் போன்ற மெதுவான சிக்னலாக இருந்தால் நாட்ச் தேவையே இல்லை. சாதாரண லோ-பாஸ் ஃபில்டர் போதும். இங்கே 35 ஹெர்ட்ஸ் வேண்டும், 50 ஹெர்ட்ஸ் வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால்தான் நாட்ச்.

சரி, சர்க்யூட்டுக்கு வருவோம். உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு இரண்டு வழிகள், இரண்டும் ஆங்கில டி எழுத்து வடிவில். ஒரு வழியில் R1, R2 என்ற இரண்டு ரெசிஸ்டர்கள் வரிசையாக, நடுவிலிருந்து C3 என்ற கெப்பாசிட்டர் கீழே கிரவுண்டுக்கு. மற்ற வழியில் C1, C2 வரிசையாக, நடுவிலிருந்து R3 கீழே. R1 = R2 = R, C1 = C2 = C, C3 = 2C, R3 = R/2 என்று வைத்தால், ஓர் அதிர்வெண்ணில் இரண்டு வழியாகவும் வரும் மின்னோட்டங்கள் சம அளவில், நேர் எதிர்த் திசையில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த அதிர்வெண்:

```
f0 = 1 / (2π R C)
```

C = 47 நானோ ஃபாரட், R = 68 கிலோ ஓம் என்று எடுத்தால் 49.8 ஹெர்ட்ஸ் வரும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மதிப்புகளில் 50-க்கு இவ்வளவு அருகில் வருவதால் இந்த ஜோடி எனக்குப் பிடிக்கும். சரியாக 50 வேண்டுமானால் R 67.7 கிலோ ஓமாக இருக்க வேண்டும். அந்தச் சிறு வித்தியாசத்தை டிரிம்மர் பார்த்துக்கொள்ளும். இந்த வலையமைப்பு புதியதல்ல. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஆகஸ்டாட் 1938-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது இது.

இதை அப்படியே, ஆப்-ஆம்ப் உதவி எதுவும் இல்லாமல் போட்டால் என்ன ஆகும்? 50 ஹெர்ட்ஸ் ஆழமாகப் போகும்தான், ஆனால் பள்ளம் மிக அகலம். 3 டெசிபல் எல்லைகள் சுமார் 12 ஹெர்ட்ஸிலும் 212 ஹெர்ட்ஸிலும் விழும். நம் 35 ஹெர்ட்ஸ் அதிர்வு 15 டெசிபல் குறையும். அதாவது 100 மில்லிவோல்ட் 18 ஆகிவிடும். 20 ஹெர்ட்ஸில் உள்ளது பாதிக்கும் கீழே போகும். வேண்டிய சிக்னலும் கூடவே போய்விடுகிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். பாகங்கள் சரியில்லை என்று சந்தேகப்பட வேண்டாம். பள்ளம் எவ்வளவு குறுகல் என்பதைச் சொல்வது கியூ மதிப்பு. இந்த வலையமைப்பின் கியூ மதிப்பே கால்தான், 0.25.

பள்ளத்தைக் குறுக்க வழி இருக்கிறது. C3, R3 இரண்டின் கால்களையும் கிரவுண்டில் கட்டாமல், ஒன்றாகச் சேர்த்து, வெளியீட்டின் ஒரு பங்கை அங்கே திருப்பி ஊட்ட வேண்டும். அந்தப் பங்கை k என்று அழைத்தால்:

```
Q = 1 / (4 (1 - k))
```

k சுழியானால் பழையபடி 0.25. k = 0.9 என்றால் கியூ 2.5 ஆகும், எல்லைகள் 41, 61 ஹெர்ட்ஸுக்கு நெருங்கிவிடும். இப்போது 35 ஹெர்ட்ஸில் இழப்பு ஏறக்குறைய ஒரு டெசிபல்தான், 20 ஹெர்ட்ஸில் இழப்பே தெரியாது. செய்வதும் சுலபம். TL072 ஒன்றில் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கும். ஒன்று வெளியீட்டுக்கு ஃபாலோவர். அதன் வெளியீட்டிலிருந்து 1 கிலோ ஓம், 9.1 கிலோ ஓம் என்று ஒரு வோல்டேஜ் டிவைடர் போட்டால் k ஏறக்குறைய 0.9. இரண்டாவது ஆப்-ஆம்ப் அந்த டிவைடருக்குப் பிறகு இன்னொரு ஃபாலோவராக நின்று கால்களின் சந்திப்பை ஓட்டும். இரண்டாவதை மிச்சம் பிடித்து டிவைடரையே நேராகக் கால்களில் கட்டுபவர்கள் உண்டு. அப்போது டிவைடரின் 0.9 கிலோ ஓம் இரண்டு கால்களுக்கும் பொதுவாக நுழைந்து, சமநிலையைக் கெடுத்து, ஆழத்தைத் தின்றுவிடும்.

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். பள்ளத்தைக் குறுக்குவதற்கு ஒரு விலை உண்டு. பாகங்கள் முழுப் பொருத்தமாக இல்லாததால் வெறும் ட்வின்-டி-யில் 50 ஹெர்ட்ஸ் கொஞ்சம் மிஞ்சும், இல்லையா? அந்த மிச்சத்தில் k பங்கு கால்களுக்குத் திரும்பி வந்து மறுபடி வெளியீட்டில் சேர்கிறது. கணக்குப் போட்டால் மிச்சம் 1/(1 - k) மடங்காகப் பெருகும். k = 0.9 என்றால் பத்து மடங்கு, அதாவது 20 டெசிபல். வெறும் வலையமைப்பில் 58 டெசிபல் கிடைத்த அதே பாகங்களால், ஊட்டம் சேர்த்த பிறகு 38 டெசிபல்தான் கிடைக்கும். குறுகலும் ஆழமும் ஒரே பர்ஸிலிருந்து எடுக்கும் பணம். ஒன்றுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்கு இல்லை. கியூ ஐம்பது, நூறு என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

58 என்ற எண் எங்கிருந்து வந்தது? R3 மட்டும் ஒரு சதவீதம் தவறியிருந்தால், வெறும் ட்வின்-டி-யின் அடி மட்டம் அந்தத் தவறின் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.00125. அது 58 டெசிபல். C3 ஒரு சதவீதம் தவறினாலும் இதேதான். ஊட்டத்தோடு சேர்த்துச் சொன்னால், மிச்சம் என்பது பொருத்தத் தவறை கியூவால் பெருக்கி இரண்டால் வகுத்தது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் ஆழத்தைப் பற்றி ஊகிக்க வேண்டியதே இல்லை.

எது எதோடு பொருந்த வேண்டும் என்பதில்தான் பலர் வீணாக மெனக்கெடுகிறார்கள். ஆறு பாகங்களையும் குறித்த மதிப்புக்கு மிக அருகில் வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். சமன்பாட்டைப் பிரித்துப் பார்த்தால் முழுச் சுழி வருவதற்கு இரண்டு அதிர்வெண்கள் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும்:

```
ωa² = 1 / (C1 C2 R3 (R1 + R2))
ωb² = (C1 + C2) / (C1 C2 C3 R1 R2)
```

இரண்டும் சமம் என்று வைத்துச் சுருக்கினால் மிஞ்சுவது இதுதான்: R1-ஐயும் R2-வையும் இணையாகக் கட்டினால் வரும் மதிப்பு R3-க்கு எத்தனை மடங்கோ, C1 + C2 என்ற கூட்டுத்தொகை C3-க்கு அத்தனை மடங்காக இருக்க வேண்டும். அவ்வளவே. C1-ம் C2-வும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும் என்று இதில் எங்கேயும் இல்லை.

இது கைவேலையை எவ்வளவு எளிதாக்குகிறது என்று பாருங்கள். C3-ஐ இரண்டு 47 நானோ ஃபாரட்டை இணையாகக் கட்டிச் செய்வதுதான் வழக்கம். ஆக மொத்தம் நான்கு கெப்பாசிட்டர். மீட்டரில் அளந்தால் 46.2, 46.9, 47.3, 47.8 என்று வருகிறது என்று கொள்வோம். முதல் இரண்டை C1, C2 ஆகவும், மற்ற இரண்டை C3-க்கும் எடுத்தால் 93.1-க்கு எதிரே 95.1, இரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். கியூ 2.5-இல் பள்ளம் 32 டெசிபலோடு நின்றுவிடும். அதே நான்கையும் பெரியதோடு சிறியதைச் சேர்த்துப் பிரித்தால், 46.2-ம் 47.8-ம் சேர்ந்து 94.0, 46.9-ம் 47.3-ம் சேர்ந்து 94.2. வித்தியாசம் 0.2 சதவீதம், ஆழம் 51 டெசிபல். ஒரு காசு கூடுதல் செலவில்லாமல் இருபது டெசிபல் கிடைத்துவிட்டது. மீட்டர் ஒட்டுமொத்தமாக ஒரு சதவீதம் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது விகிதம்தான். நான்கையும் ஒரே மீட்டரில், ஒரே நேரத்தில், கை சூடு படாமல் அளந்தால் போதும். R3-ஐயும் இதேபோல இரண்டு 68 கிலோ ஓமை இணைத்துச் செய்யலாம். 34 கிலோ ஓம் வரும்.

ஜோடி சரியாக அமைந்தால் பள்ளம் ஆழமாக இருக்கும். ஆனால் அது 50-இல்தான் இருக்கும் என்று உறுதியில்லை. கெப்பாசிட்டர்கள் எல்லாமே 5 சதவீதம் குறைவாக வந்திருந்தால், அருமையான பள்ளம் 52-க்கு மேலே எங்கோ கிடக்கும், 50 ஹெர்ட்ஸில் 12, 13 டெசிபல்தான் குறையும். நம் பிறைத் தம்பி ஒருவருக்கு இதுதான் நடந்தது.

"அண்ணே, ஃபில்டர் வேலையே செய்யலை. பாதிக்குப் பாதிகூடக் குறைஞ்ச மாதிரி தெரியலை," என்றார்.

"ஜெனரேட்டரை வெச்சு மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்தியா தம்பி?"

ஓட்டிப் பார்த்தபோது பள்ளம் 53-ஐ ஒட்டி ஆழமாக இருந்தது. ஃபில்டரில் குறையில்லை, இருக்கும் இடம்தான் தவறு. ஆழம் போதவில்லை என்று தோன்றினால் முதலில் ஜெனரேட்டரை 45-லிருந்து 55 வரை மெதுவாக நகர்த்துங்கள். ஏதாவது ஓர் இடத்தில் நன்றாக விழுகிறதா? அப்படியானால் அதிர்வெண் பிரச்சினை. எங்கேயுமே முப்பதைத் தாண்டவில்லையா? அப்போது பொருத்தப் பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

சரிசெய்ய இரண்டு டிரிம்மர் வேண்டும், ஒன்று போதாது. நிபந்தனை இரண்டு என்பதே காரணம். R1 இடத்தில் 62 கிலோ ஓமோடு 10 கிலோ ஓம் மல்ட்டி-டர்ன் டிரிம்மர் வரிசையாக. R3 இடத்தில் 33 கிலோ ஓமோடு 2 கிலோ ஓம் டிரிம்மர். R2 அப்படியே 68 கிலோ ஓம். R1-ம் R2-வும் சமமில்லாமல் போகிறதே என்று கவலைப்பட வேண்டாம், மேலே சொன்ன நிபந்தனையில் அது கேட்கப்படவில்லை. R1 முக்கியமாகப் பள்ளத்தை இடம் மாற்றும், R3 முக்கியமாக ஆழத்தைச் சரிசெய்யும். ஆனால் R1-ஐத் திருப்பினால் ஆழமும் கொஞ்சம் கெடும், அதனால் மாறி மாறித்தான் திருப்ப வேண்டும்.

ஜெனரேட்டரை 50.00 ஹெர்ட்ஸில் வைத்து உள்ளீட்டில் கொடுங்கள். டயல் போட்ட பழைய ஜெனரேட்டர் என்றால் கவுண்டரோடு பாருங்கள், அரை ஹெர்ட்ஸ் தவறினாலும் இந்த வேலைக்கு அது பெரிய தவறு. வெளியீட்டை ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே R3-ஐத் திருப்பி அலையை மிகச் சிறியதாக்குங்கள். அப்புறம் R1-ஐத் திருப்பி இன்னும் சிறியதாக்குங்கள். மறுபடி R3, மறுபடி R1. ஒவ்வொரு திருப்பத்திலும் மிச்சம் பாதிக்கும் சற்றுக் கீழே போகும். இரண்டையும் ஒருமுறை தொட்டு முடிக்கும்போது ஐந்தில் ஒரு பங்காகும். இரண்டு மூன்று சுற்றிலேயே முடிந்துவிடும். அதற்குமேலும் போய்க்கொண்டே இருந்தால், டிரிம்மர்களில் ஒன்று அதன் எல்லையில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முட்டியிருந்தால் கெப்பாசிட்டர் ஜோடியைத்தான் மாற்ற வேண்டும்.

முதல் சுற்றை k சுழியாக வைத்து, அதாவது கால்களைக் கிரவுண்டில் கட்டி, செய்வது நல்லது. பள்ளம் அகலமாக இருப்பதால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது சட்டென்று தெரியும். கடைசிச் சுற்றை k = 0.9 வைத்துச் செய்யுங்கள். மிச்சம் பத்து மடங்கு பெரிதாகத் தெரிவதால் நுணுக்கமாகத் திருப்பலாம். k-ஐ மாற்றினால் சுழி விழும் இடம் மாறாது.

அடிமட்டத்தை நெருங்கும்போது ஒரு கண்மாயம் நடக்கும். அலை ஓர் அளவுக்கு மேல் குறைய மறுக்கும், எவ்வளவு திருப்பினாலும். ஸ்கோப்பில் நேர அளவைக் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலைக்கு 20 மில்லி செகண்ட். 20 மில்லி செகண்டுக்குள் இரண்டு அல்லது மூன்று அலைகள் தெரிந்தால் அது ஜெனரேட்டரின் சைன் அலையில் கலந்திருக்கும் 100, 150 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகள். 50 ஏற்கெனவே போய்விட்டது. மிச்சத்தை அளந்து "ஆழம் 40 டெசிபல்தான்" என்று எழுதினால் ஃபில்டருக்கு அநியாயம். ஸ்கோப்பில் எஃப்.எஃப்.டி. இருந்தால் 50-இல் உள்ள கம்பத்தை மட்டும் படியுங்கள். சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் வீட்டு மின்சாரத்தை இறக்கி, அதையே வைத்து டியூன் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சுவரிலிருந்து வரும் அலை சுத்தமான சைன் அலையே அல்ல.

எந்த ஆழத்தில் நிறுத்தலாம்? அறுபது வந்தால்தான் மனம் நிறையும் என்று சிலர் விடாமல் திருப்பிக்கொண்டிருப்பார்கள். நம் வேலைக்கு அது தேவையில்லை, கிடைத்தாலும் நிற்காது. 1.2 வோல்ட் இரைச்சலை, 200 மில்லிவோல்ட் சிக்னலின் பத்தில் ஒன்றுக்கு, அதாவது 20 மில்லிவோல்ட்டுக்குக் கொண்டுவந்தால் அதிர்வைத் தெளிவாகப் படிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அது அறுபது மடங்கு, 36 டெசிபல். இதுதான் இலக்கு.

நிற்காது என்று ஏன் சொல்கிறேன்? மின்சாரம் 50.00 ஹெர்ட்ஸில் ஆணி அடித்ததுபோல் நிற்பதில்லை. நாட்டில் சுமை ஏறும்போது சற்று இறங்கும், குறையும்போது சற்று ஏறும். பள்ளத்தின் அடி ஒரு கூர்முனை. அதிலிருந்து விலகியதும் மிச்சம் ஏறத் தொடங்கும். எவ்வளவு என்பதற்கும் ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது:

```
மிச்சம் ≈ 2 Q Δf / f0
```

மின்சாரம் 0.1 ஹெர்ட்ஸ் விலகினால், கியூ 2.5-க்கு மிச்சம் 0.01, அதாவது 40 டெசிபல். 0.2 விலகினால் 34. கியூவை 5 ஆக்கியிருந்தால் இதே இரண்டும் 34, 28 என்று ஆகியிருக்கும். பாகங்களை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே நம் 36 டெசிபல் இலக்கை 0.2 ஹெர்ட்ஸ் விலகலிலும் காப்பாற்ற வேண்டுமானால் கியூ 2-க்கு, அதாவது k 0.875-க்கு இறங்க வேண்டும். அப்போது 35 ஹெர்ட்ஸில் இழப்பு ஒரு டெசிபலிலிருந்து 1.7 ஆகும். என்னைக் கேட்டால் கியூ 2 என்றே சொல்வேன். 35 ஹெர்ட்ஸில் இழக்கும் அளவு எப்போதும் ஒன்றுதான், அதைக் கணக்கில் திருத்திவிடலாம். மணிக்கு மணி மாறும் இரைச்சலைத் திருத்த முடியாது. பாகப் பொருத்தமும் 45 டெசிபல் தந்தால் போதும். கியூ 2-இல் அது அரை சதவீதப் பொருத்தம், மேலே சொன்ன ஜோடி சேர்க்கும் வேலையிலேயே கிடைத்துவிடும்.

மின்சாரம் நகர்வதைவிட மோசமாக நம் பள்ளமே நகரும், வெப்பத்தால். ஏர்கான் அறையில் 24 டிகிரியில் டியூன் செய்த போர்டு, பிரெஸ் பக்கத்தில் மூடிய பெட்டிக்குள் 44 டிகிரிக்குப் போகிறது. பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், கடையில் மைலார் என்று கேட்டு வாங்குவது, டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 400 பங்கு ஏறும். இருபது டிகிரிக்கு 0.8 சதவீதம், பள்ளம் 49.6-க்கு இறங்கிவிடும். கியூ 2-இல் 50 ஹெர்ட்ஸில் மிஞ்சும் ஆழம் 30 டெசிபல்தான். நான்கும் ஒன்றாக நகர்வதால் பொருத்தம் கெடாது, பள்ளம் ஆழமாகவே இருக்கும், ஆனால் 50-இல் இருக்காது. C0G வகைச் செராமிக் என்றால் டிகிரிக்கு 30-க்குள், நகர்வு 0.03 ஹெர்ட்ஸ், கண்ணுக்கே தெரியாது. பாலிப்ரொப்பிலீன் இரண்டுக்கும் நடுவில், எதிர்த் திசையில் நகரும். X7R செராமிக்கை மட்டும் இந்த இடத்தில் வைக்காதீர்கள். அது வெப்பத்துக்கும் மாறும், மேலே விழும் வோல்டேஜுக்கும் மாறும், வயதாக ஆகக் குறையும். போதாததற்குத் தட்டினால் தானே வோல்டேஜ் தரும். பிரெஸ் மெஷின் பக்கத்தில் அது இன்னொரு சென்சார் ஆகிவிடும். அளவும் விலையும் பார்த்து X7R போட்டுவிட்டு, டியூன் நிற்கவில்லையே என்று டிரிம்மரைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஹேர் டிரையரால் போர்டை இலேசாகச் சூடாக்கிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மிச்சம் உடனே ஏறினால் கெப்பாசிட்டர் வகைதான் காரணம்.

போர்டை மெஷினில் மாட்டிய பிறகும் இரைச்சல் போலவே ஒன்று தெரியலாம். ஒவ்வோர் அடி விழும்போதும் 50 ஹெர்ட்ஸ் அலை எழுந்து அடங்கும். இது வெளியிலிருந்து வருவதல்ல. திடீர் மாற்றம் வந்தால் எந்தக் குறுகிய நாட்ச்சும் தன் அதிர்வெண்ணிலேயே கொஞ்ச நேரம் அதிரும். அது தேயும் காலம் கியூவை 3.14-ஆலும் 50-ஆலும் வகுத்தது: கியூ 2-க்கு 13 மில்லி செகண்ட், கியூ 10-க்கு 64. கியூ 2-இல் இரண்டு மூன்று அலைக்குள் அடங்கிவிடும். கியூ 10-இல் பத்து அலைக்கு இழுத்து, சட்டத்தின் உண்மையான அதிர்வோடு கலந்து குழப்பும். வேறுபடுத்துவது எளிது. மெஷின் நிற்கும்போதும் இருந்தால் இரைச்சல், அடி விழும்போது மட்டும் எழுந்து தேய்ந்தால் ஃபில்டர். கியூவைக் குறைவாக வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்ச்சால் தொட முடியாதவையும் உண்டு. 150 ஹெர்ட்ஸ் மூன்றாவது ஹார்மோனிக் கியூ 2 நாட்ச்சை அப்படியே தாண்டி வரும். அதற்குப் பின்னால் ஒரு லோ-பாஸ் தேவை. மோட்டாரை வேக டிரைவ் ஓட்டுகிறது என்றால் மோட்டார் கேபிளிலிருந்து வரும் இரைச்சல் 50-இல் இருக்காது, டிரைவ் எந்த அதிர்வெண் தருகிறதோ அதில் இருக்கும். வேகத்தை மாற்றும்போது அலையும் சேர்ந்து மாறினால் நாட்ச்சைத் தொட வேண்டாம், கேபிளை ஷீல்டு செய்யுங்கள். மின்தடை வந்து தொழிற்சாலை ஜென்செட்டுக்கு மாறும் நேரமும் அப்படித்தான். ஜென்செட் கவர்னர் சுமை குறைவாக இருக்கும்போது வேகத்தைச் சற்று மேலே விடும். 51.5 ஹெர்ட்ஸ் வந்தால் கியூ 2 நாட்ச் 18 டெசிபல்தான் தரும், நம் 1.2 வோல்ட் இரைச்சல் 140 மில்லிவோல்ட்டாகத் திரும்பி நிற்கும். அந்த நேரத்தில் எடுத்த பதிவுகளில் ஜென்செட் என்று குறித்து வைத்து, அதிர்வுக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதுதான் சரி.